கால் டம்ளர் தண்ணீர்

ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றரை டம்ளர் கொதிக்கிற தண்ணீர். இடியாப்பத்துக்கு என் கணக்கு இதுதான். பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, மில்லில் திரித்து, கோலம் போட இழை வருகிற வரைக்கும் வறுத்துச் சலித்த மாவு. அதில் உப்புப் போட்டுத் தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, செத்த நேரம் மூடி வைத்து, சூடு பொறுக்கும்போது கையால் பிசைய வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் காலையில் இடியாப்பம் விற்கிறவள் நான். இந்தக் கணக்கில் யாராவது குறுக்கே பேசினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பொதுவாகவே எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலும் வருகிறது.

குறுக்கே பேசுகிற ஒரே ஆள் மயினி. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர். அவர் கணக்கு ஒன்றுக்கு ஒன்றே முக்கால். விற்பது நான்தான் என்றாலும், தெருவில் ஒரு விசேஷம், ஐம்பது பேர் நூறு பேர் சாப்பாடு என்றால் மாவு பிசைய மயினியைத்தான் கூப்பிடுவார்கள். அது எனக்குள் புகைந்துகொண்டே இருக்கும். தினமும் பிசைகிறவள் நான். பெரிய அண்டாவைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் மயினி ஞாபகம் வந்துவிடும்.

அவர் பிசைந்த மாவில் ஒரு தடவை விரலை வைத்து அமுக்கிப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

“இது இடியாப்ப மாவா, அல்வாவா? கால் டம்ளர் தண்ணி தண்டமா ஊத்தியிருக்கீங்க மயினி” என்றேன்.

“பிழியிறவியளுக்குத் தெரியும்டி” என்றார்.

பிழிவது மயினியின் வீட்டுக்காரர். இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய பெரிய பித்தளை உரல் ஒன்று அவர்கள் வீட்டில் உண்டு. நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பெரிய சமையல் என்றால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நிற்பார். அவர் பிழியப் பிழிய மயினி தட்டை நகர்த்திக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை இருக்காது. வட்டம் முடிந்ததும் அவர் கை நிற்கும், தட்டு மாறும். என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் வருகிறவர் இல்லை. என் வீட்டில் பிழிகிறவளும் நான்தான், தட்டை மாற்றுகிறவளும் நான்தான். எனக்குப் பிழிய ஆள் இல்லை என்பதைத்தான் மயினி குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அந்தக் கால் டம்ளரைப் பற்றி ஒரு சண்டை. கல்யாண வீட்டில், கறிக்கடை வாசலில், ஒரு தடவை ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கூட. பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மனுஷர் போன மாதம் மௌத்தானார். தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை.

எங்களில், மௌத்து நடந்த வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில்தான் சமைத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கள் தெருவில் இதற்குச் சாதி மதம் பார்ப்பதில்லை. எதிர்வீட்டு அக்கா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். முதல் நாள் காபி அவர்கள் வீட்டிலிருந்துதான் போனது. எல்லோரும் சாப்பிட்டார்கள், மயினி மட்டும் சாப்பிடவில்லை. பேசவும் இல்லை. உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மயினிக்குச் சுகர் உண்டு, ஊசி போடுகிறவர். இரண்டாம் நாள் ஊசியைப் போட்டுவிட்டார்கள், சாப்பாடு உள்ளே போகவில்லை. மத்தியானம் உடம்பெல்லாம் வியர்த்துக் கை சில்லிட்டுப் போய்விட்டது. வாயில் சர்க்கரையைப் போட்டுத்தான் தெளிய வைத்தோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தச் சொன்னார். நாளைக்குள் வாய் வழியாக ஏதாவது போக வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கணவன் போய், வெளியே போகாமல் இத்தாவில் இருக்கிற பெண்ணை அந்த நிலையில் வீட்டைவிட்டுத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனசே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மயினியின் மகன் என்னிடம் வந்தான். திருப்பூரில் வேலை பார்க்கிறவன், முப்பதை நெருங்குகிறான். மௌத்துச் செய்தி கேட்டு பஸ் ஏறி வந்த சட்டையிலேயே இன்னும் இருந்தான்.

“சாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து மாமா வீட்டு ஆளுக எல்லாம் மூணாம் நாள் ஓதுறதுக்குச் சாயங்காலம் வாராங்க. வேன் பேசிட்டாங்களாம். அறுபது பேருக்குக் குறையாது. வயசாளிகதான் நெறைய” என்றான்.

வயசாளிகள் என்றால் இடியாப்பம்தான். பல்லுக்கும் சரி, சுகருக்கும் சரி. தேங்காய்ப்பாலும் கறிச்சேர்வாவும் வைத்துவிட்டால் போதும். ஆனால் அறுபது பேருக்கு மாவு? என் வீட்டில் அடுத்த நாள் விற்பனைக்கு வைத்திருந்தது மூன்று படிதான். புதிதாக அரிசி ஊறப்போட்டுத் திரித்து வறுக்க நேரம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேன் வர அரை மணி நேரம் போதும், கிளம்புவதற்குத்தான் அவர்களுக்கு நேரமாகும். மௌத்து வீட்டு அடுப்பைத் தொடாமல், மயினி வீட்டு வாசலுக்கு வெளியே செங்கல் கூட்டித் தனி அடுப்புப் போட்டோம்.

எதிர்வீட்டு அக்கா எதற்கும் முந்திக்கொண்டு நிற்கிறவர். நான் தேங்காய் உடைத்து முடிப்பதற்குள் வீடு வீடாகப் போய் இருக்கிற அரிசிமாவையெல்லாம் வாங்கி வந்துவிட்டார். வாங்கி வந்ததோடு விட்டிருக்கலாம். அளப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டார். அதோடு என் மாவையும் கொட்டியிருந்தார்.

“பாத்தியா, பன்னெண்டு படி பிண்டி சேந்துட்டு!” என்று சிரித்த முகமாக நின்றார். தெலுங்கில் மாவுக்குப் பிண்டி என்று பெயர்.

அண்டாவைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. இடியாப்பம் செய்கிறவர்களுக்கு இது புரியும். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே மாவு இல்லை. அதில் என்னுடைய வறுத்த மாவு இருந்தது. யாரோ முறுக்குக்குத் திரித்து வைத்த வறுக்காத மாவு இருந்தது. மேல வீட்டில் மாவை வறுக்க மாட்டார்கள், துணியில் கட்டி ஆவியில் அவித்துத்தான் சலிப்பார்கள். அதுவும் இருந்தது. கடைப் பாக்கெட் இரண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரித் தண்ணீர் கேட்கும். யாருடையது எவ்வளவு என்று அக்காவுக்கே நினைவில்லை.

ஆனால் யோசிக்க நேரம் இல்லை, கை பழக்கத்துக்குப் போய்விட்டது. மேலாக இரண்டு படி மாவை அள்ளி மூன்று படி கொதிநீர் ஊற்றினேன். ஒன்றுக்கு ஒன்றரை. கிளறும்போதே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் களி மாதிரிக் கரண்டியில் ஒட்டியது. இன்னொரு பக்கம் மாவு பொடியாகவே உதிர்ந்துகொண்டிருந்தது. சரி, பிசைந்தால் சேர்ந்துவிடும் என்று பிசைந்தேன். மேலுக்குச் சேர்ந்த மாதிரி இருந்தது.

பித்தளை உரலில் மாவை அடைத்தோம். மகன்தான் அமுக்கினான். நல்ல வாட்டசாட்டமான பையன். முதலில் கொழகொழவென்று நாலு இழை வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் வரவே இல்லை. மேல் உடம்பையே சாய்த்து அமுக்கினான், நெற்றி நரம்பு புடைத்தது. உரலைத் திருப்பி ஓட்டைகளைப் பார்த்தால் குருணை குருணையாக அடைத்துக்கொண்டிருந்தது.

“அத்தா எப்படித்தான் சிரிச்சுக்கிட்டே பிழிஞ்சாங்களோ” என்றான். சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எனக்கு ஆற்றாமை எல்லாம் கோபமாக வந்தது. “அக்கா, இதுல குருணை எங்க இருந்து வந்துச்சு? எந்த வீட்டு மாவு இது?”

“எங்க வீட்டுப் பிண்டிதான். புட்டுக்கு வச்சிருந்தேன். நல்ல சிகப்பரிசியும் கலந்தது” என்றார் அக்கா.

“புட்டு மாவைக் கொண்டாந்து இதுல யாராவது கொட்டுவாகளா?”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அவர் வீட்டில் இருந்ததிலேயே நல்லதைத்தான் கொண்டு வந்திருந்தார். நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கத்திவிட்டேன், உள்ளறைக்கும் கேட்டிருக்கும். போனில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கிளம்பப் போவதாகச் சொன்னார்கள். அண்டாவில் இன்னும் பத்துப் படி மாவு கிடந்தது. ஒன்றுக்கு ஒன்றரை என்பதைத் தவிர என் தலையில் ஒன்றுமே இல்லை.

“அம்மாட்ட கேட்டா தெரியுமோ?” என்று மெல்லச் சொன்னான் மகன்.

புருஷனை அடக்கம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் மாவுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று எப்படிக் கேட்பது? அதிலும் நான் எப்படிக் கேட்பது? இத்தனை வருஷம் உங்கள் கணக்குத் தப்பு என்று தெருத்தெருவாகச் சண்டை போட்டவள் ஆயிற்றே. ஆனால் வருகிறவர்கள் அவருடைய பிறந்த வீட்டு ஆட்கள். மகள் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்கள் களியைத் தின்றுவிட்டுப் போனார்கள் என்ற பேச்சை அவர் பிறகு காலத்துக்கும் கேட்க வேண்டியிருக்கும். ஒரு கிண்ணத்தில் மாவை அள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மயினி அதே இடத்தில் அப்படியே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மயினி, மாவு சரியா வரல.”

கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“அஞ்சாறு வீட்டு மாவை ஒண்ணாக் கொட்டிட்டாவ. எம்புட்டுத் தண்ணி ஊத்தணும்னு எனக்குப் பிடிபடல.”

கண் மட்டும் கிண்ணத்துக்கு வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. “ஒண்ணுக்கு ஒண்ணரைதான் ஊத்துனேன். ஒரு பக்கம் களி, ஒரு பக்கம் மண்ணு. உங்க ஊர் ஆளுகளுக்கு இதைத்தான் வைக்கணுமா, சொல்லுங்க” என்றேன்.

“நீ எதுக்குத்தான் ஒண்ணரை ஊத்தல” என்றார் மயினி.

மூன்று நாளாகப் பேசாத தொண்டை, பாதிதான் சத்தம் வந்தது. வாசலில் நின்ற மகன் கதவைப் பிடித்துக்கொண்டான். நான் அவனைப் பார்த்து, ஒன்றும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன்.

மயினி கிண்ணத்தில் கையை விட்டார். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். இன்னொரு இடத்தில் ஒரு சிட்டிகை. பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து மூடித் திறந்தார்.

“மேல வீட்டு அவிச்ச மாவு இருக்குல்லா?”

“இருக்கு.”

“இந்தக் குருணை எதிர்வீட்டுப் புட்டு மாவு. இதையுமா போட்டா?”

“போட்டுட்டாவ.”

“அவளைத் திட்டுனியா?”

நான் கீழே சிந்தின மாவைத் துடைத்தேன். “கேட்டுச்சு” என்றார்.

அப்புறம் அவரே சொல்ல ஆரம்பித்தார், சுவரைப் பார்த்துக்கொண்டே. “வறுத்த மாவு காஞ்சு கெடக்கும், ஊத்த ஊத்தக் குடிக்கும். அவிச்ச மாவு ஏற்கெனவே குடிச்சிட்டு வந்தது, கொஞ்சம்தான் கேக்கும். வறுக்காத மாவு சட்டுனு ஒட்டிக்கிடும். நீ கலக்காம மேலாக்க அள்ளி ஊத்துனா எது எதைக் குடிக்கும்? மொதல்ல எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து ரெண்டு தடவை சலி. சலிச்சா புட்டு மாவு சல்லடையில நின்னுரும், அதை அவகிட்டயே குடுத்துரு. மிச்சம் ஒரே மாவாயிரும். பொறவு ஒரு டம்ளர் மாவைப் பிசைஞ்சு பாரு. அது எம்புட்டுக் கேக்குதோ அதான் கணக்கு. உன் கணக்கும் இல்ல, என் கணக்கும் இல்ல.”

மகனும் அக்காவும் சலித்தார்கள். சலித்த மாவில் ஒரு டம்ளர் கொண்டு போனேன், செம்பில் கொதிநீரும். மயினி நான் பிசைவேன் என்று காத்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிளறினார், பொடி நின்றது. இன்னும் அரைக்கால் ஊற்றினார். மறுபடியும் அரைக்கால். மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கையில் எண்ணெயைத் தொட்டுப் பிசைந்தார். ஒரு உருண்டை உருட்டி அமுக்கிப் பார்த்தார். ஓரம் வெடிக்கவில்லை, கையிலும் ஒட்டவில்லை.

“ஒண்ணேகால்” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அப்போ உங்க பழக்கப்படி அதுக்கு மேல ஒரு கால் ஊத்தணும்லா?” என்று கேட்டேன். அவரைப் பேச வைப்பதற்காகத்தான் கேட்டேன், கொஞ்சம் கிண்டலும் இருந்தது.

மயினி உருண்டையைத் தட்டில் வைத்தார்.

“வேண்டாம். அந்தக் கால் மாவுக்கு ஊத்துனது இல்ல” என்றார். “அவிய தோளுக்கு ஊத்துனது.”

எனக்கு விளங்கவில்லை.

“மில்லுல மோட்டாரைத் தூக்கையில அவியளுக்கு வலது தோள் பிசகிருச்சு. கையைப் பாதிக்கு மேல தூக்க முடியாது. வெளிய சொல்ல மாட்டாவ. விசேஷ வீட்டுல கூப்பிட்டா நான் பிழியுதேன்னு முன்னாடி போய் நிப்பாவ. கெட்டி மாவா இருந்தா ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது. அதான் கால் டம்ளர் கூட ஊத்துனேன். மாவு செத்த எளகும், பிழிய லேசா இருக்கும். ஒட்டாம இருக்கக் கையில எண்ணெயைத் தொட்டுக்கிட்டு, உடனே அவிச்சிருவேன்.” கையில் இருந்த எண்ணெயை முந்தானையில் துடைத்தார். “இனி என்ன. நீ சொன்னதே சரியா இருக்கட்டும்.”

இத்தனை வருஷம் நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன். பிழியிறவியளுக்குத் தெரியும் என்று அவர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். நான் அதை என்னவெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன்.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்புக்கு வந்தேன். குருணை போக நின்ற ஒன்பது படி மாவையும் ஒரே அண்டாவில் பிசைய முடியாது. கொதிநீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் ஆறிவிடும், ஆறின தண்ணீரில் மாவு வேகாது, பிடித்துக்கொள்ளாது. அதனால் மூன்று மூன்று படியாகப் பிரித்தேன். மூன்று படிக்கு ஒன்றேகால் கணக்கில் மூன்றே முக்கால் படித் தண்ணீர். அதையும் முழுதாக ஊற்றிவிடக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவியாகப் போகிற பங்கு பெரிது, பெரிய பாத்திரத்தில் அவ்வளவு போகாது. மாவும் குவியலாக இருந்தால் நடுவில் சூடு தங்கி, மூடி வைத்த பிறகும் குடித்துக்கொண்டே இருக்கும். இப்போது தளர்ச்சி மாதிரித் தெரிவது கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். எனவே அரைப் படித் தண்ணீரைக் கையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மாவைப் பார்த்துப் பார்த்துத் தெளித்தேன். பிசைந்ததை ஈரத்துணி போட்டு மூடினேன்.

மூன்றே முக்கால் படியும் முடிந்தது. விரலை வைத்து அமுக்கினேன். சரியான பதம். என் கைக்குப் பிடித்த பதம்.

அங்கே நின்று மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பதம் பிடிக்கவில்லை. மயினி கூட ஊற்றுகிற அந்தக் கால் முழுதும் இந்த மாவு தாங்காது, வறுக்காத மாவு கலந்திருப்பதால் களியாகிவிடும். அரைக்கால் தாங்கும். படிக்கு அரைக்கால் வீதம் அளந்து, கொதிக்கக் கொதிக்க மூன்று குவியலிலும் ஊற்றிப் பிசைந்தேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

“நீள்ளு கூடிப் போகுமே?” என்றார் தண்ணீரைக் காட்டி, பயந்துகொண்டே.

“கூடட்டும்க்கா. நான் கத்துனதை மனசுல வச்சுக்காதீங்க” என்றேன். அவர் சல்லடையில் நின்ற குருணையை ஒரு தட்டில் பரப்பி, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக்கொண்டிருந்தார். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், அமுக்கினால் உதிர வேண்டும். புட்டுக்கு அவ்வளவுதான் தண்ணீர். “புட்டு நல்லா வருது பாரு” என்று பிடித்துக் காட்டினார். அவருக்கு முகம் தெளிந்துவிட்டது.

மகன் உரலில் மாவை அடைத்து அமுக்கினான். அமுக்கின வேகத்தில் உரல் தட்டில் போய் இடித்தது. அவ்வளவு லேசாக இறங்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“என்ன சாச்சி, வெண்ணெய் மாதிரிப் போகுது” என்றான்.

“பிழி” என்றேன். தட்டை நான் நகர்த்திக் கொடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வேன் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தது. பெண்கள் உள்ளே போய் மயினியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஓதி முடித்தார்கள். பொழுது இறங்கி, மஃரிப் தொழுகைக்குப் பின்னால் பாய் விரித்துச் சாப்பாடு வைத்தோம். பல் இல்லாத மாமி ஒருத்தர் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு ஆறு இடியாப்பம் சாப்பிட்டார். யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள், இரண்டாவது தடவை தட்டை நீட்டுவார்கள். எல்லோரும் நீட்டினார்கள். முதலில் கெட்டுப்போன மாவைக் கொஞ்சம் வெந்நீர் தெளித்துத் திரும்பப் பிசைந்து உப்புக் கொழுக்கட்டையாகப் பிடித்து வைத்தேன். அதையும் விடவில்லை.

கூட்டம் குறைந்த பிறகு ஒரு தட்டில் நாலைந்து இடியாப்பத்தை வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். மகன் வாசலிலேயே நின்றான். அவனுக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் சொல்லி வைத்திருந்தோம்.

“மயினி, உங்க ஒண்ணேகால் கணக்குல பிசைஞ்சது. சரியா வந்திருக்கான்னு சொல்லுங்க” என்று தட்டை வைத்தேன்.

சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பார்.

மயினி ஒன்றைக் கையில் எடுத்தார். விரித்துப் பார்த்தார், நுனியை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மென்றார். அந்த முழு இடியாப்பமும் தீரும்வரை என்னைப் பார்க்கவில்லை.

“ஏட்டி, தண்ணி கூட ஊத்தியிருக்கே” என்றார்.

“ஊத்தலையே.”

“அரைக்கால் கூட இருக்கு. எனக்குத் தெரியாதா?”

“ஒண்ணைத் தின்னா எப்படித் தெரியும்? இன்னொண்ணு தின்னு பாருங்க.”

இன்னொன்றைத் தின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கோரமாக வந்தது, துடைக்கவில்லை. “ஊத்தித்தான் இருக்கே” என்றார்.

“ஒண்ணேகாலுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தல மயினி. உங்களுக்கு வாய் செத்துப் போச்சு” என்றேன். வழக்கமான சண்டைச் சத்தத்திலேயே சொன்னேன், வாசலில் நின்றவனுக்கும் கேட்கட்டும் என்று.

மயினி மூன்றாவதை எடுத்தார்.

“யாருகிட்ட சொல்லுதே. இது அவிய பதம்” என்றார்.

இல்லவே இல்லை என்றேன். தட்டில் இன்னும் இரண்டு இருந்தது, அதைத் தேங்காய்ப்பாலோடு அவர் பக்கம் நகர்த்தினேன்.